பட்ஜெட்டில் 12,500 கோடி என்றால் அத்தனையும் செலவாகுமா? பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கையை ஒரே ஒரு வரியை வைத்துப் படித்துப் பார்ப்போம்

கேள்வி: 2025-26 மத்திய பட்ஜெட்டில் பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு 12,500 கோடி என்றார்கள். ஒரு பத்திரிகை "25 சதவீத உயர்வு" என்கிறது, இன்னொன்று "உயர்வே இல்லை" என்கிறது. மானியக் கோரிக்கை ஆவணத்தைத் திறந்து பார்த்தால் எண்களாகக் கொட்டிக் கிடக்கிறது, தலைகால் புரியவில்லை. அறிவித்தது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்று இதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

இரண்டு பத்திரிகையும் பொய் சொல்லவில்லை. ஒரே வரியில் ஆளுக்கொரு கட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக் கல்வித் துறையின் முழு ஆவணத்தையும் ஒரே மூச்சில் படிக்க உட்கார்ந்தால் யாருக்கும் தலை சுற்றும். ஒரு திட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வாலைப் பற்றியே போனால் மற்றவை தானாகப் பிடிபடும்.

முதலில் ஆவணம். ஒவ்வொரு துறையின் செலவுக்கும் நாடாளுமன்றத்திடம் அனுமதி கேட்டு அரசு வைப்பதுதான் மானியக் கோரிக்கை. indiabudget.gov.in தளத்தில் Expenditure Budget என்ற பகுதிக்குள் துறைவாரியாகத் தனித்தனிக் கோப்புகள் இருக்கும். பள்ளிக் கல்வி, எழுத்தறிவுத் துறையின் கோரிக்கை எண் 25, கோப்பின் பெயர் `sbe25.pdf`. உயர்கல்விக்கு 26. அமைச்சகங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் நடக்கும்போது இந்த எண்கள் மாறும். ஆகவே பழைய ஆண்டு ஆவணங்களை எடுக்கும்போது எண்ணை நம்பாமல் துறையின் பெயரைப் பார்த்து எடுங்கள். தொகையெல்லாம் கோடி ரூபாயில் இருக்கும்.

2025-26 கோப்பில் மதிய உணவுத் திட்டத்தின் வரி, பைசாவை விட்டுவிட்டால், இப்படி இருக்கும்:

```
             Actual      Budget      Revised     Budget
             2023-2024   2024-2025   2024-2025   2025-2026
PM POSHAN    8458        12467       10000       12500
```

உண்மையான கோப்பில் ஒவ்வொரு ஆண்டுக்குக் கீழும் Revenue, Capital, Total என்று மூன்று கட்டம் இருக்கும். சோறு போடுவதில் கட்டடமோ நிலமோ வாங்குவதில்லை என்பதால் இந்தத் திட்டத்தில் மூலதனக் கட்டம் காலியாகவே கிடக்கும். Total-ஐ மட்டும் பார்த்தால் போதும்.

இப்போது பத்திரிகைகளுக்கு வருவோம். கடைசிக் கட்டமான 12,500-ஐ அதற்கு முந்தைய கட்டமான 10,000-உடன் ஒப்பிட்டால் 25 சதவீத உயர்வு. அதையே 12,467-உடன் ஒப்பிட்டால் வெறும் 33 கோடி, அதாவது கால் சதவீதம்தான் கூடியிருக்கிறது. முதல் கட்டத்தோடு, அதாவது 8,458-உடன் ஒப்பிட்டு யாராவது "48 சதவீத உயர்வு" என்று எழுதியிருந்தாலும் கணக்கில் பிழை சொல்ல முடியாது. எதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் எல்லாச் சாமர்த்தியமும் இருக்கிறது. அதற்கு இந்த நாலு கட்டமும் என்ன என்று தெரிய வேண்டும்.

Budget என்பது பிப்ரவரியில் நாடாளுமன்றத்திடம் "இவ்வளவு வரை செலவு செய்ய அனுமதி கொடுங்கள்" என்று கேட்கும் தொகை. இதைத்தான் நிதியமைச்சர் அறிவிக்கிறார், இதுதான் தலைப்புச் செய்தி ஆகிறது. பணம் ஒரு ரூபாய்கூட நகர்ந்திருக்காது. Revised என்பது அந்த ஆண்டு பாதிக்குமேல் ஓடிய பிறகு, அடுத்த பட்ஜெட்டுக்கான வேலை நடக்கும்போது, "மார்ச்சுக்குள் இவ்வளவுதான் போகும்போலிருக்கிறது" என்று நிதியமைச்சகமும் துறையும் உட்கார்ந்து போட்ட மறுகணக்கு. திருத்த மதிப்பீடு கூடியிருந்தாலும் அது தனியாக அனுமதி ஆகாது. கூடுதல் தொகைக்குத் துணை மானியக் கோரிக்கை தனியாக வைத்து வாங்கியாக வேண்டும். Actual ஒன்றுதான் கஜானாவிலிருந்து வெளியே போன பணம்.

இதில் முதலில் உறைக்க வேண்டிய விஷயம், நீங்கள் கையில் வைத்திருக்கும் ஒரு ஆவணத்தில் எந்த ஆண்டுக்குமே மூன்று எண்ணும் சேர்ந்து இருக்காது என்பது. 2024-25-க்கு அறிவிப்பும் திருத்தமும் இருக்கின்றன, உண்மைச் செலவு இல்லை. 2023-24-க்கு உண்மைச் செலவு இருக்கிறது, அறிவித்தது எவ்வளவு என்பது இல்லை. ஒரு ஆண்டின் முழுக் கதை வேண்டுமென்றால் அடுத்தடுத்த மூன்று ஆண்டு ஆவணங்களைத் திறந்து வைத்துக்கொண்டு குறுக்காகப் படிக்க வேண்டும். மூன்று தாவல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் வித்தை ஒன்றுமில்லை.

அப்படி 2023-24-ஐப் படித்துக் காட்டுகிறேன். 2023 பிப்ரவரி ஆவணத்தில் அறிவித்தது 11,600 கோடி. அடுத்த ஆண்டு ஆவணத்தில் அது 10,000 ஆகத் திருத்தப்பட்டது. அதற்கடுத்த 2025 பிப்ரவரி ஆவணத்தில் உண்மைச் செலவு 8,458 கோடி. அறிவித்ததில் 3,142 கோடி போகவே இல்லை, நூற்றுக்கு 27 ரூபாய். முதல் வெட்டாவது திருத்த மதிப்பீட்டில் கொஞ்சம் செய்தி ஆனது. இரண்டாவது வெட்டு, அதாவது 10,000-லிருந்து 8,458-க்கு இறங்கியது, ஒரு வருஷம் கழித்து ஒரு கட்டத்தில் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. அதற்குள் எல்லோரும் 12,500-ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, அப்படியானால் எப்போதும் கூடுதலாக அறிவித்துக் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதற்கு முந்தைய ஆண்டான 2022-23 அப்படியே நேர்மாறு. அறிவித்தது 10,234, திருத்தம் 12,800, உண்மையில் போனது 12,681. அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு குழந்தைக்கான சமையல் செலவு விகிதத்தை 9.6 சதவீதம் கூட்டினார்கள். ஆனால் அரை வருஷத்துக்குப் பொருந்தும் அந்த உயர்வு, மொத்தத்தில் கால்பங்கு உயர்வை விளக்காது. இரண்டு ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 12,681-லிருந்து 8,458-க்குச் சரிந்திருப்பது தெரியும். ஒரே ஆண்டில் மூன்றில் ஒருபங்கு குழந்தைகள் சாப்பிடாமல் போய்விடவில்லை. அப்படியானால் Actual என்ற கட்டம் குழந்தை சாப்பிட்டதை அளக்கவில்லை, வேறு எதையோ அளக்கிறது என்று சந்தேகம் வர வேண்டும். அந்தச் சந்தேகம் சரிதான்.

மத்திய அரசின் புத்தகத்தில் "உண்மைச் செலவு" என்பது பெரும்பாலும் மாநிலத்துக்கு விடுவித்த தொகை. டெல்லி தன் கையை விட்டுக் கொடுத்தது அன்றைக்கே செலவுக் கணக்கில் ஏறிவிடும். அது மாநிலத்தின் வங்கிக் கணக்கில் படுத்திருக்கிறதா, சத்துணவு மையத்தில் பருப்பாகவும் எண்ணெயாகவும் மாறிவிட்டதா என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

2021 ஜூலை முதல் இந்த மாதிரி மத்திய நிதித் திட்டங்களுக்கு ஒவ்வொரு மாநிலமும் திட்டத்துக்கு ஒரே ஒரு வங்கிக் கணக்குதான் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. Single Nodal Agency, சுருக்கமாக SNA கணக்கு என்பார்கள். மத்தியப் பங்கை ஒரு தவணைக்கு 25 சதவீதத்துக்கு மேல் விடுவிக்கக் கூடாது என்றது அந்த விதி. முன்பு கொடுத்ததில், மாநிலப் பங்கும் சேர்த்து, 75 சதவீதமாவது செலவாகியிருந்தால்தான் அடுத்த தவணை. இதன் நோக்கம் மாநிலங்களில் சும்மா கிடக்கும் பணத்தைக் குறைப்பது. விளைவு என்னவென்றால், ஒரு ஆண்டு தாராளமாகப் போன பணம் மாநிலக் கணக்கில் மீதியாக நின்றால் அடுத்த ஆண்டு டெல்லி கையை இறுக்கிக்கொள்ளும். Actual விழும், ஆனால் அந்த மீதியை வைத்து மதிய உணவு நடந்துகொண்டிருக்கும். எதிர்மாறாகவும் நடக்கும்: Actual உயர்ந்திருக்கும், பணம் வங்கியில் தூங்கும்.

ஆகவே ஒற்றை ஆண்டின் Actual-ஐ மட்டும் வைத்துக் கூச்சல் போடுவதும் கும்பிடு போடுவதும் இரண்டுமே அவசரம். இரண்டு மூன்று ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். மாநிலத்தில் மீதி எவ்வளவு நின்றது என்று பார்க்க வேண்டுமானால், இந்தத் திட்டத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் நடக்கும் திட்ட ஒப்புதல் குழுக் கூட்டத்தின் குறிப்புகள் மாநிலவாரியாக வெளியாகும். அவற்றில் ஆண்டுத் தொடக்கத்தில் கையிலிருந்த மீதி தனியாகக் காட்டப்பட்டிருக்கும். நாடாளுமன்றத்தின் கல்விக்கான நிலைக்குழு மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து தரும் அறிக்கையும் இதற்கு உதவும். துறையின் ஆட்களிடமே "ஏன் செலவாகவில்லை" என்று கேட்டு வாங்கிய பதில்கள் அதில் இருக்கும்.

கூட்டிப் பார்ப்பது என்றேன் அல்லவா, அதைச் செய்வோம். 2021 செப்டம்பரில் இந்தத் திட்டத்தை பி.எம். போஷன் என்று பெயர் மாற்றி ஐந்தாண்டுக்கு, 2021-22 முதல் 2025-26 வரை, ஒப்புதல் கொடுத்தபோது தலைப்புச் செய்தி 1.31 லட்சம் கோடி. அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் மத்திய அரசின் நேரடிப் பங்கு 54,062 கோடி. மாநிலங்கள் போட வேண்டியது 31,733 கோடி. இன்னொரு 45,000 கோடி அரிசி, கோதுமைக்கான கூடுதல் செலவு. அந்தத் தானிய மானியத்தைக் கோரிக்கை எண் 25-இல் தேடினால் கிடைக்காது, அது உணவுத் துறையின் கணக்கில் போகிற சுமை. நம் கையிலுள்ள வரியோடு ஒப்பிடத்தக்கது 54,062 மட்டும்தான். 1.31 லட்சம் கோடியை ஐந்தால் வகுத்து "வருஷத்துக்கு 26,000 கோடி சொன்னார்கள், 8,458 தான் கொடுத்தார்கள்" என்று ஒரு பதிவு சுற்றினால் அது தவறு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

சரியான ஒப்பீடு இது. 2021-22-இல் உண்மைச் செலவு 10,231. அடுத்த ஆண்டு 12,681. அதற்கடுத்து 8,458. மூன்றாண்டுக் கூட்டல் 31,370 கோடி. நான்காம் ஆண்டுக்குத் திருத்த மதிப்பீடான 10,000-ஐ அப்படியே வைத்துக்கொண்டால் 41,370. அறிவித்த 54,062-ஐ எட்ட ஐந்தாம் ஆண்டில் 12,692 வேண்டும். 2025-26-க்கு ஒதுக்கியது 12,500. காகிதத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அது பொருந்துவதற்கு இரண்டு நிபந்தனை: 2024-25-இல் 10,000 முழுதாகப் போயிருக்க வேண்டும், 2025-26-இல் 12,500 முழுதாகப் போக வேண்டும். 2023-24-இல் திருத்தத்திலிருந்தே 1,500 கோடிக்குமேல் சரிந்ததைப் பார்த்த பிறகு, நான் அந்த நிபந்தனைகளின் மேல் பந்தயம் கட்ட மாட்டேன்.

இதுவரை ரூபாயைத்தான் எண்ணினோம். அந்த ரூபாய் எதை வாங்கும் என்பது அடுத்தது. இந்தத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு ஒருநாள் பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருளுக்கு ஒரு விகிதம் உண்டு. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 5 ரூபாய் 45 காசாக இருந்தது. 2024 டிசம்பர் 1 முதல் 6 ரூபாய் 19 காசு. 2025 மே 1 முதல் 6 ரூபாய் 78 காசு. ஆறு மாதத்துக்குள் இரண்டு உயர்வு, சேர்த்துப் பார்த்தால் 24 சதவீதத்துக்கு மேல். மே மாத உயர்வை அறிவிக்கும்போதே அதனால் மத்திய அரசுக்கு அந்த ஆண்டில் சுமார் 954 கோடி கூடுதல் செலவு என்று சொல்லிவிட்டார்கள். அந்த அறிவிப்பு வந்தது ஏப்ரலில். பட்ஜெட் வந்தது பிப்ரவரி 1-இல். ஆகவே 12,500-க்குள்ளேயே இந்த 954-ஐயும் சமாளிக்க வேண்டும், இல்லாவிட்டால் துணை மானியம் கேட்க வேண்டும்.

ஒரு பக்கம் விகிதம் கால்பங்கு கூடியிருக்கிறது, இன்னொரு பக்கம் அறிவித்த தொகை 12,467-லிருந்து 12,500-க்குத்தான் போயிருக்கிறது. இதை வைத்துப் பார்த்தால் "உயர்வே இல்லை" என்ற பத்திரிகை சொன்னதைவிட நிலைமை மோசமாகத் தெரியும். ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2021-இல் 11.80 கோடிக் குழந்தைகளுக்கு என்றார்கள். 2025 ஏப்ரல் அறிவிப்பில் அந்த எண் 11.20 கோடி. சாப்பிடுகிறவர்கள் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. அதோடு 12,467 என்பது அந்த ஆண்டுக்குள்ளேயே 10,000 ஆகத் திருத்தப்பட்ட, காற்று அடைத்த எண். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், பொருள் விலையோடு ஒட்டிய நேர்மையான ஒப்பீடு 10,000-க்கும் 12,500-க்கும் இடையில்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அப்படி ஒப்பிடும்போது அந்த 25 சதவீதத்தைப் பெரும்பாலும் விலைவாசி விழுங்கிவிட்டது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "25 சதவீத உயர்வு" என்று தலைப்பு போட்டவர்கள் அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டார்கள்.

அந்த வரிக்குள்ளே என்ன இருக்கிறது என்பதும் வெளியே தெரியாது. சமைப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் பத்து மாதத்துக்கு, என்ற மத்திய விகிதம் 2009-இலிருந்து அசையவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் அந்த ஆயிரத்திலும் மத்தியப் பங்கு 600 தான். காய்கறிக் காசு கூடினாலும் சமைப்பவர் காசு கூடவில்லை என்பதை 12,500 என்ற எண்ணைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. ஒரே எண்ணுக்குள் ஏறுவதும் ஏறாததும் ஒளிந்திருக்கும்.

இனி, ஆவணத்தைத் திறந்ததும் எல்லோரும் விழும் குழிகள் மூன்று. நானும் விழுந்தவன்தான்.

பல வருஷத்துக்கு முன் ஒரு ஆசிரியர் அமைப்புக்காக இப்படி ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தேன். அரசுக் கணக்கில் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் ஒரு தலைப்பு எண் உண்டு, "பொதுக் கல்வி"க்கு அது 2202. கல்விதானே என்று ஆவணத்தின் பின்பகுதியில் 2202-க்கு நேரே இருந்ததை மட்டும் எடுத்துக் கூட்டிவிட்டேன். பார்த்தால் மாநிலங்களுக்குப் போகும் திட்டங்களின் பெரும்பகுதி மாயமாகிவிட்டது. மாநில அரசுகளுக்கு மானியமாகப் போவது 3601 என்ற வேறு தலைப்பில், யூனியன் பிரதேசங்களுக்கு 3602-இல், வடகிழக்குக்கு 2552-இல் என்று ஒரே திட்டத்தின் பணம் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும். நான் அச்சடித்துக் கொடுத்த பிறகு ஒருவர் தொலைபேசியில் "சார், மதிய உணவே இல்லையே இதில்" என்றார். அன்றைக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆவணத்தின் முன்பகுதியில் திட்டத்தின் பெயரிலேயே சேர்த்துப் போட்ட வரி இருக்கும், அதையே எடுங்கள். தலைப்பு எண்வாரியான பின்பகுதி, நாலையும் சேர்த்துக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு.

அதே பின்பகுதியில் 2552-ஐப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. Budget கட்டத்தில் பெரிய தொகை இருக்கும், Actual கட்டத்தில் வெறும் புள்ளிகள். "வடகிழக்குக்குப் பைசா கொடுக்கவில்லை" என்று பாய்ந்துவிடாதீர்கள். அது மொத்தமாக ஒதுக்கி வைக்கும் இடம் மட்டும். செலவு செய்யும்போது அதை உரிய தலைப்புகளுக்கு மாற்றித்தான் எழுதுவார்கள். அதனால் அந்தக் கட்டம் எப்போதுமே காலியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது குழி கல்விக்கான செஸ் வரி. வருமான வரியில் நம்மிடம் 4 சதவீதம் பிடிக்கிறார்களே, அந்தச் சுகாதார, கல்வி செஸ்ஸின் ஒரு பகுதி Prarambhik Shiksha Kosh என்ற நிதியத்துக்கு மாற்றப்படும். அங்கிருந்து மதிய உணவுக்கும் தொடக்கக் கல்விக்கும் எடுப்பார்கள். ஆவணத்தில் நிதியத்துக்கு மாற்றுவது ஒரு செலவு வரியாக நிற்கும், திட்டத்துக்குக் கொடுப்பது இன்னொரு செலவு வரி, பிறகு "நிதியத்திலிருந்து எடுத்தது" என்று கழித்தல் குறியோடு ஒரு வரி. மேலே இரண்டையும் கூட்டி, கழித்தலைக் கவனிக்காமல் விட்டால் ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். ஆவணத்தின் தலைமாட்டில் Gross, Recoveries, Net என்று இருப்பது இதற்காகத்தான். பேச வேண்டியது Net-ஐ. செஸ் வசூலானதாலேயே கல்விக்கு அந்த அளவு கூடிவிட்டது என்றும் சொல்ல முடியாது. நிதியத்திலிருந்து வருவது கூடும்போது பொது வருவாயிலிருந்து வருவதைக் குறைத்துக்கொண்டால் Net அப்படியே இருக்கும்.

நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து கேட்பதாக எடுத்துக்கொண்டு மாநில ஆவணத்தைப் பற்றியும் கொஞ்சம். பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 43. 2025-26-க்கு அறிவித்தது 46,767 கோடி, முந்தைய ஆண்டு அறிவித்தது 44,042 கோடி. அந்தப் புத்தகத்தில் தொகை ஆயிரம் ரூபாயில் அச்சாகியிருக்கும். கடைசி நாலு இலக்கத்தை விரலால் மறைத்தால் கோடி கிடைக்கும். மத்திய ஆவணத்தைப் போலவே கணக்கு, மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, அடுத்த ஆண்டு மதிப்பீடு என்று நாலு கட்டம்தான்.

ஆனால் 43-ஐ முழுக்கப் புரட்டினாலும் சத்துணவு கிடைக்காது. நம் மாநிலத்தில் சத்துணவும் காலை உணவும் சமூக நலத் துறையின் கோரிக்கையில் இருக்கின்றன, கல்வி அல்ல, "ஊட்டச்சத்து" என்ற 2236-ஆம் தலைப்பு வழியாகத் தேட வேண்டும். இதேபோல ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் செலவு அந்தத் துறையில். அதனால் "தமிழ்நாடு கல்விக்கு இவ்வளவுதான் செலவு செய்கிறது" என்று 43-ஐ மட்டும் வைத்து இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிடுவதும் சரிவராது.

இன்னொரு எச்சரிக்கை. மாநிலப் புத்தகத்தில் திட்டச் செலவு முழுசாகக் காட்டப்படும், டெல்லியிலிருந்து வரும் 60 சதவீதமும் அதற்குள்ளேயே. மத்திய ஆவணத்தில் பார்த்ததையும் மாநில ஆவணத்தில் பார்த்ததையும் கூட்டினால் மறுபடியும் இரட்டைக் கணக்கு. டெல்லிப் பணம் உண்மையில் வந்ததா என்று பார்க்க, செலவுப் புத்தகத்தை மூடிவிட்டு வரவுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அங்கே 1601 என்ற தலைப்பில் மத்திய அரசின் மானியங்கள் வரும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, பள்ளிக் கல்விக்கான மத்திய நிதித் திட்டமான சமக்ர சிக்‌ஷா ஒன்றே போதும். 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான மொத்தத் திட்டம் 3,586 கோடி, அதில் மத்தியப் பங்கு 2,152 கோடி. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாத விவகாரத்தில் அந்தப் பணம் அந்த ஆண்டில் வரவில்லை. சம்பளமும் வேலையும் நிற்கக் கூடாது என்று மாநில அரசு தன் நிதியிலிருந்து போட்டு நடத்தியதாக 2025 மார்ச் பட்ஜெட் உரையில் சொன்னார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். மாநிலம் தன் பணத்தைப் போட்டுச் செலவை நடத்தினால் 43-ஆம் கோரிக்கையின் செலவுக் கட்டத்தில் பள்ளம் விழாது. டெல்லியின் `sbe25.pdf` கோப்பிலோ சமக்ர சிக்‌ஷாவுக்கு 37,500 அறிவித்து 37,010 ஆகத் திருத்தம் என்று நாடு முழுவதற்குமான ஒரே எண்தான் இருக்கும், ஒன்றரை சதவீதம்கூடக் குறையவில்லை. ஒரு மாநிலத்துக்கு ஒரு ரூபாய்கூடப் போகாதது அந்த எண்ணில் தெரியவே தெரியாது. செலவுப் பக்கம் இரண்டு ஆவணத்தையும் எவ்வளவு கவனமாகப் படித்தாலும் 2,152 கோடி ஓட்டை கண்ணில் படாது. மாநிலத்தின் வரவுப் பக்கத்தில் 1601-க்குக் கீழே, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையிலான வித்தியாசமாகத்தான் அது உட்கார்ந்திருக்கும்.

உங்கள் 12,500-க்கான விடை 2027 பிப்ரவரியில் வரும் கோப்பின் முதல் கட்டத்தில், Actual 2025-2026 என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அதைப் பார்க்கும்போது 2021-22 முதலான நாலு எண்ணையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பாருங்கள். 54,062-க்கு எவ்வளவு குறைகிறது என்பதுதான் நீங்கள் தேடும் எண்.